மாடு கத்தியது ராத்திரியா, காலையா?

போன வாரம் ஒரு போன். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். குஜிலியம்பாறைப் பக்கம் வேலை.

"சார், ஆப்புல பருவம் தெரிஞ்ச நேரம்னு கேக்குது. காலை, நண்பகல், பிற்பகல், மாலைன்னு நாலுதான் இருக்கு. இங்க ஒரு அம்மா, வெளக்கு வச்சு செத்த நேரத்துல கத்துச்சுங்கிறாங்க. எதை அமுக்குறது?"

"மொதல்ல போனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டு அந்த அம்மாகிட்டப் பேசும்மா" என்றேன். சிரித்தது. பிறகு, "இதையெல்லாம் எழுதி வைங்க சார், எங்களுக்கு உதவும்" என்றது. ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்லக் கூடாது. சொன்னால் இப்படித்தான் எழுதிவிடுவான்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற ஆள். செம்பட்டியைச் சுற்றிய ஊர்களில் என்னை 'ஊசிக்காரர்' என்பார்கள். கொஞ்சம் குறும்பான ஊர்களில் 'மாட்டு மாப்ளே' என்பார்கள். முதல் வருடம் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் செய்கிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அரசாங்கத்திடமும் இல்லை.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கையில் தோள் வரை உறை, எதிரே மாட்டின் பின்புறம், பின்னால் நின்று இங்கிலீஷில் திட்டுகிற ஆசிரியர். மனப்பாடம் செய்ய வைத்ததில் முக்கியமானது ஒரே ஒரு விதி. பசு பருவத்துக்கு வந்தது காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. காரணம் எளிது. பருவம் தொடங்கிய கையோடு கருமுட்டை வெளியே வந்துவிடாது. ஒரு நாளைக்கு மேலேயே ஆகும். சீக்கிரமே போய் ஊசி போட்டால் விந்து காத்திருந்து காத்திருந்து செத்துப்போகும். ரொம்பத் தாமதித்தால் முட்டை காலாவதி. ஆகப் பருவம் தொடங்கி அரை நாள் கழித்துப் போட்டால் சரியாக இருக்கும். இதை வெள்ளைக்காரன் மார்னிங், ஈவினிங் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டான். அவன் ஊர் மாடு அதைக் கேட்டு நடந்திருக்கும்.

எங்கள் மருந்தகச் சுவரிலும் இந்த விதி தமிழில் தொங்கியது: 'காலையில் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை.' படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாடு கத்தியதைச் சொல்ல வருகிறவர்கள் காலை, மாலை என்றா சொல்வார்கள்? 'வெள்ளி மொளைக்கையில' என்பார்கள். 'வெயிலேற', 'உச்சியில', 'பொழுது சாய' என்பார்கள். முற்பகல், பிற்பகல் என்று வாயால் சொன்ன ஒரு விவசாயியை நான் பணியில் இருந்தவரை பார்க்கவில்லை. அவை சுற்றறிக்கையில் மட்டும் வாழும் ஜீவன்கள்.

இதில் பெரிய தலைவலி ராத்திரிதான். சுவரில் ராத்திரிக்கு இடமே இல்லை. ஆனால் மாடுகளுக்கு ராத்திரியில்தான் ஆசை அதிகம் வரும். குளிர்ந்த நேரம், ஆள் நடமாட்டம் இல்லை, குறை சொல்லவும் முடியாது.

எங்கள் மருந்தகத்துக்கு டாக்டர் ஜெபராஜ் வந்தது நான் சேர்ந்த புதிதில்தான். சென்னையில் பிறந்து கான்வென்ட்டில் படித்தவர். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் மணிக்கு அடிமை. வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் தன்னைப் பார்த்து நிற்கிற மாதிரி வைப்பார். பன்னிரண்டு அடிக்கும்வரை குட் மார்னிங். அடித்த மறு நொடி குட் ஆஃப்டர்நூன். நாங்கள் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கும்வரை காலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். பன்னிரண்டரைக்கு உள்ளே வந்து "குட் மார்னிங் சார்" என்றால் பதில் சொல்லாமல் கடிகாரத்தை நம் பக்கம் திருப்பி வைப்பார். அவ்வளவுதான், திட்டவே மாட்டார். அந்தத் திருப்பலுக்கு ரெண்டு அறை வாங்கியிருக்கலாம்.

ஒருநாள் பைல் ஒன்றில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். ஏழரை மணி. நன்றாக இருட்டிவிட்டது. கதவைத் திறந்தார். பணிவாக, "குட் நைட் சார்" என்றேன்.

"வந்ததும் போறீங்களா?" என்றார்.

"இல்ல சார், இப்பத்தான் வந்தேன்."

"அப்ப எதுக்குக் குட் நைட்? அது போறப்ப சொல்றது. இப்ப ஈவினிங்."

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பாயை உதறிக்கொண்டிருந்தார்கள். "சார், ராத்திரி ஏழரை ஆச்சு" என்றேன். "ஈவினிங் ஏழரை" என்றார். நமக்கு நாலு மணிக்கு வந்து விளக்கு வைக்கும்போது கிளம்பிவிடுகிற சாயங்காலம், அவருக்கு எட்டு மணிவரை சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அதேபோல நம் மத்தியானம் மூணுவரை கால் நீட்டிப் படுத்திருக்கும். அவர்களுக்கு நூன் என்பது பன்னிரண்டு மணி என்கிற ஒரு புள்ளி. அதைத் தாண்டினால் வேறு பெயர். இதையெல்லாம் அன்று வாசலில் நின்றே கற்றுக்கொண்டேன். காபிகூடத் தரவில்லை.

இனி பாண்டியம்மா கதைக்கு வருகிறேன்.

செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பாண்டியம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவள். தலையில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு மூணு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும். புருஷன் சின்னச்சாமி செம்பட்டி முக்கில் புரோட்டா மாஸ்டர். சாயங்காலம் போனால் கடை மூடி வீடு வர ராத்திரி ஒரு மணி ஆகும். அவன் வந்து படுத்துச் செத்த நேரத்தில் அவள் எழுந்துவிடுவாள். அப்படி ஒரு தாம்பத்தியம்.

அந்த வீட்டில் ஒரு கலப்பினப் பசு. பாண்டியம்மாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. முதல் கன்று போட்டு நன்றாகக் கறந்தது. அதன்பிறகு சினையே நிற்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ரெண்டு தடவை ஊசி போட்டார். மூன்றாவது நான் போட்டேன். இருபத்தோரு நாளில் திரும்பவும் கத்தியது. டாக்டர் வந்து கருப்பையை முழுக்கச் சோதித்துவிட்டு, "மாட்டுல ஒரு குறையும் இல்ல" என்று கையைக் கழுவினார். சின்னச்சாமிக்குப் பொறுமை போய்விட்டது. கறவையும் வற்றிவிட்டது, தீவனம் மட்டும் தின்கிறது. "அடுத்த தடவையும் நிக்கலைன்னா வண்டியேத்திர வேண்டியதுதான் சார்" என்றான். வண்டி என்றால் கேரளா போகிற வண்டி. அதில் ஏறுகிற மாடு எதற்குப் போகிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாண்டியம்மாவுக்குத் தெரிந்ததால்தான் அவள் அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் புரோட்டா மடித்துக்கொண்டு வந்தால் அதை மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த பருவம். காலை ஆறரை மணிக்குச் சின்னச்சாமியின் போன், வழக்கம்போலத் தூக்கத்தில். "சார், ராத்திரி மாடு கத்துச்சு. வாங்க." முன்பும் இப்படித்தான். ராத்திரி என்றால் சுவர் விதியில் மாலையோடு சேர்த்துக்கொள்வோம். மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஆகவே உடனே போய் ஊசி. எனக்கு முன்னால் இருந்தவரும் இதையே செய்தார். துறை முழுக்க இதையே செய்தது. இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சுவரில் என்ன தொங்கியதோ அதைத்தான் செய்தோம்.

அன்று போனபோது ஒரு வித்தியாசம். பாண்டியம்மா வீட்டில் இருந்தாள். நான் போகிற நேரமெல்லாம் அவள் பூந்தோட்டத்தில் இருப்பாள், அதுவரை அவள் முகத்தையே நான் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். கடைசி ஊசி என்பதால் அன்று பறிக்கப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்திருந்தாள். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் நைட்ரஜன் குடுவையைத் திறக்கப் போனேன். பேச்சுக்கு, "ராத்திரி ரொம்பக் கத்துச்சோ?" என்றேன்.

"ராத்திரி எங்க சார் கத்துச்சு? காலையிலதான கத்துச்சு" என்றாள் பாண்டியம்மா.

கயிற்றுக் கட்டிலிலிருந்து சின்னச்சாமி எழுந்தான். "ஏய், ராத்திரி கத்துச்சுடி. நாந்தான கேட்டேன்."

"யோவ், நான் பூவுக்குக் கெளம்புறப்ப கத்துச்சு. நாந்தான உன்னய ஒலுப்பி, சாருக்குப் போன் போடுய்யான்னு சொன்னேன்?"

"அதத்தான் ராத்திரிங்கிறேன். மூணு மணிக்கு ஊரே தூங்குது, அது காலையாம்."

"எனக்குக் காலைதான்யா. பல்லு வெளக்கி, டீ குடிச்சு, பாதித் தோட்டம் பறிச்சாச்சு. உனக்கு ஒம்பது மணி வரைக்கும் ராத்திரிதான்."

குடுவை மூடியைப் பிடித்தபடி நின்றேன். ரெண்டு பேரும் ஒரே கத்தலைத்தான் சொல்கிறார்கள். அவளுக்கு அது அன்றைய காலை. அவனுக்கு முந்தின ராத்திரி. போன் போடுகிறவன் அவன் என்பதால் எங்களுக்கு எப்போதும் அவனுடைய ராத்திரிதான் வந்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா, நீ கடை மூடிட்டு வந்தப்ப மாடு என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு சார்."

"கத்தல?"

"கத்தல. கத்துனா நான் எப்புடித் தூங்குறது?"

ஆகப் பருவம் தொடங்கியது ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவில். நான் வந்து நிற்பது ஏழு மணி. ஆறு மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை. முந்தின மூன்று தடவையும் இதே கூத்துத்தான் நடந்திருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"குட் மார்னிங். மார்னிங் ஹீட்டா, ஈவினிங் ஹீட்டா?"

"நைட் சார்."

"ரூல்ல நைட் கிடையாது. ட்வெல்வுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி சார். கிட்டத்தட்ட மூணு மணி."

"அப்ப மார்னிங்."

"இருட்டுல எப்படி சார் மார்னிங்?"

"த்ரீ இன் த மார்னிங்னு கேள்விப்பட்டதே இல்லையா நீங்க? இப்பப் போட வேண்டாம். மூணு மணிக்கு மேல போடுங்க." போனை வைத்துவிட்டார்.

எரிச்சல்தான் வந்தது. வாசலில் நிற்கவைத்து என்னைத் திருத்திய அதே இங்கிலீஷ், பூப் பறிக்கிற பாண்டியம்மாவோடு கை கோத்துக்கொண்டது. நடுவில் நானும் சின்னச்சாமியும்தான் தனியாக நின்றோம்.

"ஊசி இப்ப இல்ல. மத்தியானத்துக்கு மேல வாரேன்" என்றேன்.

சின்னச்சாமி தலையைச் சொறிந்தான். "மத்தியானம் வண்டி வருதே சார்." வியாபாரியை அவன் வரச் சொல்லிவிட்டான். ஊசி போட்டாலும் நிற்கப் போவதில்லை என்ற முடிவில் இருந்திருக்கிறான்.

பாண்டியம்மா மாட்டின் கழுத்தைக் கட்டியிருந்த கையை எடுத்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. "சாயங்காலம் வரச் சொல்லுய்யா" என்றாள், கெஞ்சலாக இல்லை.

"மத்தியானம்னு சொல்லியாச்சு."

"மத்தியானம்னா எத்தன மணிக்குன்னு சொன்னியா?"

அவன் சொல்லவில்லை. எவன்தான் சொல்கிறான்? பன்னிரண்டுக்கு வந்தாலும் மத்தியானம், மூணுக்கு வந்தாலும் மத்தியானம். அந்த அகலத்தில்தான் அன்று ஒரு மாட்டின் உயிர் தொங்கியது.

மருந்தகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. மூணு அடித்ததும் வண்டியை எடுத்தேன். வீட்டு முன்னால் ஒரு மினி லாரி நின்றது. உள்ளே போனால் வியாபாரி கட்டிலில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கே வந்துவிட்டாராம். பாண்டியம்மா அவரை உட்காரவைத்து, சோறும் கறிக்குழம்பும் ரெண்டு வெஞ்சனமும் வைத்து, 'இன்னும் செத்த ஊத்துறேன்' என்று மோர் ஊற்றி, ஆளை அடித்துப் போட்ட மாதிரி சாய்த்துவிட்டாள். அந்த மனுஷர் சாப்பிட்ட சாப்பாட்டுக்குச் சாயங்காலம்வரை எழுந்திருக்க முடியாது.

"சார், சத்தம் போடாம வாங்க" என்றாள்.

மாட்டைப் பார்த்தேன். வாலடியில் கண்ணாடி போலத் தெளிவாக, அறுபடாமல் தொங்கியது கோழை. காலையில் இழுவை இல்லாமல் கொஞ்சமாகத்தான் இருந்தது. இப்போது முதுகில் கை வைத்தால் அசையாமல் நின்றது. குடுவையிலிருந்து விந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டேன். அந்த அரை நிமிடத்தில் பேசவும் மாட்டேன், பீடி பிடிக்கிறவனைப் பக்கத்தில் விடவும் மாட்டேன். குச்சியைத் துடைத்து, ஊசிக் குழலில் ஏற்றி, முனையை வெட்டி, உறை மாட்டினேன். இடது கையை ஆசனவாய் வழியே விட்டுச் சாணத்தை வெளியே தள்ளி, கருப்பை வாயைப் பிடித்தேன். கோழிக் கழுத்து மாதிரி கெட்டியாகக் கையில் அகப்படும். வலது கையால் குழலை மேல்நோக்கிச் சாய்த்து நுழைத்து, பிறகு நேராக்கி, வளையம் வளையமாகக் கடக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும். கடைசி வளையத்தைத் தாண்டியதும் கையே சொல்லிவிடும். அங்கே நிறுத்தி, மெதுவாக அழுத்தினேன்.

கையை வெளியே எடுக்கும்போது வியாபாரி எழுந்து வந்தார். "ஏத்திரலாமா?"

"ஊசி போட்டிருக்கு. இப்ப வண்டியில குலுக்குனா அம்புட்டும் வீண்" என்றேன். அது உண்மைதான். கொஞ்சம் சத்தமாகச் சொன்னது மட்டும் என் சொந்தச் சரக்கு.

"மத்தியானம்னு சொன்னீகளேய்யா" என்று சின்னச்சாமியைப் பார்த்தார் அவர்.

"மத்தியானம் போயிருச்சுண்ணே, மணி நாலாகப் போகுது" என்றாள் பாண்டியம்மா. சாப்பிட்ட வாய் எப்படிச் சண்டை போடும்? வெறும் வண்டியோடு போனார்.

அடுத்த பருவத்துக்கு மாடு கத்தவில்லை. மூன்று மாதம் ஆனதும் கையை விட்டுப் பார்த்துச் சினை என்று சொன்னேன். பாண்டியம்மா உட்கார்ந்து அழுதாள். சின்னச்சாமி எனக்குப் புரோட்டா கட்டிக் கொடுத்தான். அன்றோடு நான் மாடு வைத்திருப்பவர்களிடம் காலையா மாலையா என்று கேட்பதை விட்டேன். 'அப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?' என்று கேட்பேன். பால் கறந்தேன், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன், சீரியல் பார்த்தேன் என்பார்கள். அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்வேன். குஜிலியம்பாறைப் பெண்ணுக்குச் சொன்னதும் இதைத்தான்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சின்னச்சாமி அப்படி நினைக்கவில்லை. வெறும் மாட்டைவிடக் கன்றும் மாடுமாக விற்றால் சந்தையில் மவுசு. ஈன்றதும் ஓட்டிவிடுவது என்று அதே வியாபாரியிடம் ரகசியமாகப் பேசி வைத்திருந்தான். பாண்டியம்மாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். மாடு ஈன்றுவிட்டது, நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை என்று போன். டாக்டரும் நானும் போனோம். அம்மாவை உரித்து வைத்தாற்போல நெற்றியில் வெள்ளையோடு ஒரு கிடாரிக் கன்று, காலை அகட்டி நின்று தள்ளாடியது.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்தார். "எப்பக் கன்னு போட்டது?" ரொம்ப நேரம் ஆகியும் கொடி விழாமல் இருந்தால்தான் வைத்தியம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

"ராத்திரி சார்" என்றான் சின்னச்சாமி.

"காலையில சார்" என்றாள் பாண்டியம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கேட்டேன். "நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

"தலையில லைட்டக் கட்டிட்டேன் சார். வாசல்ல எறங்குறேன், பனிக்குடம் ஒடஞ்சிருச்சு."

"அப்ப மூணு மணி. ஃப்ரைடே மார்னிங்" என்றார் டாக்டர். "அஞ்சு மணி நேரந்தான் ஆகுது. தானா விழும். வெயிட் பண்ணுங்க."

பாண்டியம்மாவின் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். "கேட்டியாய்யா? வெள்ளிக்கிழமை காலையில. டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் புருஷனிடம். "வெள்ளிக்கிழமை பொறந்த பொட்டைக் கன்னு. மகாலட்சுமி. இத எவனுக்காச்சும் ஓட்டிக் குடுத்துப் பாரு, உன் கல்லுல புரோட்டா வேகாது."

சின்னச்சாமிக்கு வியர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் உப்புக்கூட வெளியே கொடுக்காத வீடு அது. கன்றை விற்க முடியாது என்றால் அதற்குப் பால் கொடுக்கிற மாட்டையும் விற்க முடியாது. "அது வியாழக்கிழமை ராத்திரிடி" என்றான். "பொழுது விடிஞ்சாத்தான வெள்ளி?"

அவன் சொன்னதுதான் நம் வழக்கப்படி சரி. நமக்குச் சூரியன் வந்தால்தான் கிழமை மாறும். பஞ்சாங்கத்தைத் திறந்தால் அந்தக் கன்று சந்தேகமே இல்லாமல் வியாழக்கிழமைக் கன்று. அது எனக்குத் தெரியும். பாண்டியம்மாவுக்கும் நன்றாகத் தெரியும் என்பது, அவள் என் முகத்தைப் பார்க்காமல் கன்றைத் துடைத்துக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

"சார், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினான் சின்னச்சாமி. "மூணு மணின்னா ராத்திரிதான?"

டாக்டரின் கடிகாரத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"குட் மார்னிங்ப்பா" என்றேன்.